கலைத்ததோடு முடிந்துவிடும் ஆட்டம்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குழந்தைகள் முதன்முதலில் கற்றுக்கொள்ளும் சீட்டாட்டங்களில் ஒன்று ‘வார்’. பெயர்தான் போர். விதிகளை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். 52 சீட்டுகளைக் கலைத்து இருவருக்கும் 26, 26 ஆகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். தன் கட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கக் கூடாது. இருவரும் ஒரே நேரத்தில் மேல் சீட்டை எடுத்து மல்லாத்திப் போடுவார்கள். எது பெரியதோ அதைப் போட்டவருக்கு இரண்டு சீட்டும் சொந்தம்; அவற்றைத் தன் கட்டின் அடியில் செருகிக்கொள்வார். 2 சிறியது, ஏஸ் எல்லாவற்றுக்கும் பெரியது. ஆட்டின், டைமன் என்ற இன வேறுபாட்டுக்கு இங்கே வேலை இல்லை. இரண்டு சீட்டும் ஒரே மதிப்பாக இருந்தால் அதுதான் போர்: ஆளுக்கு மூன்று சீட்டைக் கவிழ்த்து வைத்து, நான்காவதை மல்லாத்துவார்கள். அதில் பெரியதைப் போட்டவர் நடுவில் கிடக்கும் பத்துச் சீட்டையும் அள்ளிக்கொள்வார். 52 சீட்டும் ஒருவரிடம் சேரும்போது ஆட்டம் முடியும்.

இந்த விதிகளைத் திரும்பப் படித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஆடுபவர் எந்த இடத்திலும் எதையும் தீர்மானிப்பதில்லை. எந்தச் சீட்டை இறக்குவது என்ற கேள்வி கிடையாது, மேல் சீட்டுதான். விட்டுப்பிடிக்கலாமா, பெரிய சீட்டைப் பிற்பாடு வைத்துக்கொள்ளலாமா என்ற யோசனைக்கும் இடமில்லை. நம்மூரில் குழந்தைகள் ஆடும் ‘கழுதை’யில்கூட எந்தச் சீட்டை எப்போது கழிப்பது என்று கொஞ்சம் மண்டையைக் குடைய வேண்டும். வாரில் கை அசைகிறது, அவ்வளவுதான். ஐந்து வயதுப் பிள்ளையும் சீட்டாட்டத்தில் ஊறிய தாத்தாவும் எதிரெதிரே உட்கார்ந்தால் இருவருக்கும் வாய்ப்பு சரிபாதி. தாத்தா விட்டுக்கொடுத்துத் தோற்க நினைத்தாலும் முடியாது.

பரமபதமும் இப்படித்தானே என்று கேட்கலாம். அங்கேயும் தேர்வு இல்லை. தாயக்கட்டை சொன்னபடி காய் நகர்கிறது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பரமபதத்தில் ஒவ்வொரு உருட்டலிலும் புதிதாக ஓர் அதிர்ஷ்டம் உள்ளே வருகிறது. ஏணியின் கீழே நிற்கும்போது அடுத்து என்ன விழும் என்பது உலகில் இன்னும் தீர்மானமாகவில்லை. வாரில் அதிர்ஷ்டம் முழுவதும் சீட்டைக் கலைக்கும்போதே செலவாகிவிடுகிறது. ஜெயித்த சீட்டுகளை அடியில் செருகும் முறை மட்டும் இன்னது என்று நிலையாக இருந்துவிட்டால், முதல் சீட்டை மல்லாத்தும் முன்பே கடைசிச் சுற்று வரை எல்லாம் எழுதப்பட்டாயிற்று. எந்தச் சுற்றில் போர் வரும், யார் எப்போது ஏஸை இழப்பார், யார் ஜெயிப்பார் எல்லாமே அந்த இரண்டு கட்டுக்குள் இருக்கின்றன. குழந்தைகள் அதைச் சீட்டுச் சீட்டாக வாசிக்கிறார்கள்.

செருகும் முறை நிலையாக இருந்தால் என்று ஒரு நிபந்தனை போட்டேன். அங்கேதான் இந்த ஆட்டத்தின் சுவாரசியமான விஷயம் ஒளிந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், ஆட்டம் ஏன் இவ்வளவு நேரம் இழுக்கிறது என்பதைப் பார்ப்போம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரே ஒரு ஆட்டம் என்று குழந்தையோடு உட்கார்ந்த பெற்றோர் எல்லோருக்கும் இது உண்மையான கேள்வி.

போர் வராத சாதாரணச் சுற்றில் ஒருவருக்கு ஒரு சீட்டு கூடும், மற்றவருக்கு ஒன்று குறையும். 26 சீட்டோடு தொடங்கியவர் 27க்குப் போவார் அல்லது 25க்கு இறங்குவார். ஒருவர் பூஜ்யத்தையோ 52ஐயோ தொட்டால்தான் ஆட்டம் முடியும். ஒவ்வொரு சுற்றும் காசு சுண்டுவது போலச் சரிசமம் என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு வெற்றியை அடுத்த தோல்வி அழித்துக்கொண்டே வரும். நூறு சுற்று ஆடினால் நூறு சீட்டுத் தூரம் நகர்ந்துவிடுவதில்லை. சுமார் பத்துச் சீட்டுத் தூரம்தான் நகர்ந்திருப்போம். முன்னும் பின்னும் தள்ளாடும் இப்படிப்பட்ட நடையில், கடந்த தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் நேரம் பிடிக்கும் என்பது கணிதத்தில் நன்கு தெரிந்த உண்மை. 26 சீட்டுத் தூரம் போக வேண்டும் என்றால் சராசரியாக 26 பெருக்கல் 26, அதாவது 676 சுற்று.

நல்லவேளையாகப் போர்கள் நடுவில் வந்து உதவுகின்றன. நன்றாகக் கலைத்த கட்டில் இருவருக்கும் ஒரே மதிப்பு விழ 17 சுற்றில் ஒரு முறை வாய்ப்பு. ஒரு போரில் ஐந்து சீட்டு கைமாறும். வர்க்கத்தின் கணக்குப்படி ஐந்து சீட்டுப் பாய்ச்சல் ஒன்று 25 சாதாரணச் சுற்றுக்குச் சமம். ஆகப் 17 சுற்றில் நடக்கும் வேலை, 16 சாதாரணச் சுற்றும் ஒரு போரும் சேர்ந்து, 41 சாதாரணச் சுற்றின் வேலை. 676 சுற்று இதனால் சுமார் 280 ஆகச் சுருங்கிவிடுகிறது. கணினியில் ஆயிரக்கணக்கில் ஆட்டங்களை ஓட்டிப் பார்ப்பவர்களுக்கும் சராசரி சில நூறு சுற்று என்ற அளவில்தான் கிடைக்கிறது. சின்னக் கைகள் ஒரு சுற்றுக்கு ஐந்து நொடி எடுத்தாலும் 280 சுற்றுக்கு இருபத்து மூன்று நிமிடத்துக்குக் குறையாது.

சில வீடுகளில் போரின்போது மூன்றுக்குப் பதில் ஒரே ஒரு சீட்டைத்தான் கவிழ்ப்பார்கள். அப்போது மூன்று சீட்டுதான் கைமாறும்; ஒரு போர் ஒன்பது சுற்றுக்குத்தான் சமம். அதே கணக்கைப் போட்டால் சராசரி 460 சுற்றுக்கு ஏறிவிடுகிறது. இரண்டு வீட்டுப் பிள்ளைகள் ஒரே பெயரில் ஆடும் ஆட்டம் ஒரு வீட்டில் மட்டும் எப்போதும் நீள்வதற்கு இந்தச் சின்ன விதி வித்தியாசமே காரணமாக இருக்கலாம்.

சராசரியை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஆட்டம் எந்த இடத்தில் ‘பாதி முடிந்துவிட்டது’ என்று நாம் நினைக்கிறோமோ, அங்கே உண்மையில் பாதி முடிந்திருப்பதில்லை. அக்காவிடம் 40 சீட்டு, தம்பியிடம் 12 என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பவர்களுக்குத் தம்பி கதை முடிந்தது போலிருக்கும். தள்ளாடும் நடையின் கணக்கில் இனி மீதமுள்ள சராசரி நேரம் 40 பெருக்கல் 12, அதாவது 480 பங்கு. தொடக்கத்தில் இருந்ததோ 676 பங்கு. பத்தில் ஏழு பங்கு ஆட்டம் இன்னும் பாக்கி! தம்பி மீண்டு வந்து ஜெயிக்கும் வாய்ப்பும் 52இல் 12, ஏறத்தாழ நாலில் ஒன்று. அதனால்தான் இந்த ஆட்டம் முடியப்போகிறது, முடியப்போகிறது என்று காட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப நடுவுக்கு வந்து நிற்கிறது.

இது காசு சுண்டும் கணக்கு. நிஜச் சீட்டு அதைவிடவும் பிடிவாதமானது. அதற்குக் காரணம் ஏஸ்.

ஏஸைச் சாதாரணச் சுற்றில் எந்தச் சீட்டாலும் பிடிக்க முடியாது. அதை இழக்க வேண்டுமானால் ஒரு போர் நடந்தாக வேண்டும்: கவிழ்த்து வைத்த மூன்று சீட்டுக்குள் அது அகப்பட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் ஏஸும் ஏஸும் மோதி அந்தப் போரில் தோற்க வேண்டும். நான்கு ஏஸும் தொடக்கத்திலேயே ஒருவரிடம் போய்ச் சேர்வது அபூர்வம். நூற்றில் 11 ஆட்டத்தில்தான் அப்படி நடக்கும். நூற்றில் 39 ஆட்டத்தில் இரண்டுக்கு இரண்டாகவும், 50 ஆட்டத்தில் மூன்றுக்கு ஒன்றாகவும் பிரியும். ஆகப் பத்தில் ஒன்பது ஆட்டத்தில் இரு பக்கமும் அசைக்க முடியாத காவல்காரன் ஒருவனாவது இருக்கிறான்.

தம்பியிடம் மிஞ்சியது ஒரே ஒரு சீட்டு, அது ஏஸ் என்று வைத்து நிதானமாகப் பார்ப்போம். ஜெயிப்பவர் தன் சீட்டை முதலிலும் பிடித்த சீட்டை அதற்குப் பிறகும் செருகுவதாக வைத்துக்கொள்வோம். அக்கா 7ஐப் போடுகிறாள். தம்பி கையில் இப்போது ஏஸ், 7. மறுபடி ஏஸ்தான் மேலே. அக்காவின் ஜாக் மாட்டுகிறது; கட்டு 7, ஏஸ், ஜாக் என்றாகிறது. 7ஐ அக்காவின் 10 வெட்டுகிறது. மிச்சம் ஏஸ், ஜாக். ஏஸ் ஒரு 4ஐப் பிடிக்கிறது. கட்டு ஜாக், ஏஸ், 4. அடுத்து ஜாக் அக்காவின் 9ஐ ஜெயிக்கிறது. ஐந்தே சுற்றில் ஒற்றைச் சீட்டு நான்காகிவிட்டது: ஏஸ், 4, ஜாக், 9. அடுத்து வரப்போவது மறுபடியும் ஏஸ்.

இதில் கவனிக்க வேண்டியது, ஏஸ் எத்தனை முறை மேலே வந்தது என்பது. கட்டு சிறியதாக இருந்தால் நல்ல சீட்டு சீக்கிரம் சுற்றி வரும். தம்பியின் ஏஸ் இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு தரம் வந்து ஒரு சீட்டைக் கொண்டுவருகிறது. அக்காவிடம் மூன்று ஏஸ் இருந்தாலும், ஐம்பது சீட்டுக் கட்டுக்குள் அவை ஒவ்வொன்றும் ஐம்பது சுற்றுக்கு ஒரு முறைதான் தலைகாட்டும். தோற்றுக்கொண்டிருப்பவரின் படை சிறுத்துப் போகும்போது அவருடைய வீரன் மட்டும் அடிக்கடி களத்துக்கு வருகிறான். ஜெயிப்பவரின் கட்டு பெருக்கும்போது அது சில்லறைச் சீட்டுகளால் நிரம்பி மந்தமாகிறது. ஆட்டத்தை நடுப்பகுதியை நோக்கி இழுக்கும் விசை இதுதான். விளிம்பில் நிற்பவரை விழவிடாமல் ஒரு கை பிடித்துக்கொள்கிறது. ஓர் ஆட்டம் நீளுமா என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டுமானால் சீட்டு எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். குறைந்த சீட்டு வைத்திருப்பவரிடம் ஏஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆட்டம் சீக்கிரம் முடியக்கூடும். இருந்தால் ஒரு போர் வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இனி, தள்ளிவைத்த அந்த நிபந்தனைக்கு வருவோம். ஜெயித்த இரண்டு சீட்டை அடியில் செருகும்போது எது முதலில்? பெரும்பாலான விதிகள் இதைச் சொல்வதில்லை. குழந்தைகள் கைக்கு வந்தபடி செருகுகிறார்கள். ஆனால் சிலருக்குப் பழக்கம் என்று ஒன்று உருவாகிவிடும். தன் சீட்டை முதலில் வைக்கும் அக்கா, பிடித்த சீட்டை முதலில் வைக்கும் தம்பி என்று ஒரு ஜோடி அமைந்தால் என்ன ஆகும்?

நான்கே சீட்டை எடுத்துக்கொண்டு மேசையில் நீங்களே செய்து பாருங்கள். அக்காவிடம் மேலிருந்து 9, 3. தம்பியிடம் 5, 7. முதல் சுற்றில் 9, 5ஐ ஜெயிக்கிறது. அக்கா கட்டு 3, 9, 5. தம்பியிடம் 7 மட்டும். இரண்டாவது சுற்றில் 7, 3ஐ ஜெயிக்கிறது. தம்பி பிடித்ததை முதலில் வைப்பவன், அதனால் அவன் கட்டு 3, 7. அக்காவிடம் 9, 5. மூன்றாவதில் 9, 3ஐப் பிடிக்கிறது. அக்கா கட்டு 5, 9, 3, தம்பியிடம் 7. நான்காவதில் 7, 5ஐப் பிடிக்கிறது. தம்பி கட்டு 5, 7. அக்காவிடம் 9, 3. தொடங்கிய இடத்துக்கே அச்சு மாறாமல் வந்துவிட்டோம். இனி எத்தனை மணி நேரம் ஆடினாலும் இந்த நான்கு சுற்றுதான் திரும்பத் திரும்ப நடக்கும்.

நான்கு சீட்டில் நடந்தது முழுக் கட்டிலும் நடக்கும். 2 முதல் 7 வரையுள்ள 24 சீட்டோடு இரண்டு 8ஐச் சேர்த்து ‘சிறியவை’ என்போம். மிச்ச 26 சீட்டும் ‘பெரியவை’. அக்காவின் கட்டில் பெரியது, சிறியது, பெரியது, சிறியது என்று மாறி மாறி அடுக்குங்கள். தம்பிக்கு அதையே சிறியது, பெரியது என்று தொடங்குங்கள். சிறியவற்றில் உள்ள 8ம் பெரியவற்றில் உள்ள 8ம் ஒரே நான்கு சீட்டுத் தொகுதிக்குள் வராமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். எந்தச் சுற்றிலும் பெரியதும் சிறியதும்தான் மோதும். போர் ஒரு முறைகூட வராது. 26 சுற்றில் கட்டு ஒரு முறை சுழலும், 52ஆவது சுற்றில் எல்லாச் சீட்டும் பழைய இடத்துக்கே திரும்பும். அக்கா ஒரு சுற்று, தம்பி ஒரு சுற்று என்று மாறி மாறி ஜெயிப்பார்கள். அக்காவின் எண்ணிக்கை 26, 27, 26, 27 என்று ஊசலாடிக்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டு ஆட்டம் இப்படிச் சுழலில் சிக்கியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கவும் இதுவே அடையாளம்: ரொம்ப நேரமாகப் போரே வரவில்லை, எண்ணிக்கையும் நகரவில்லை, முன்பு மோதிய அதே சீட்டுகள் மறுபடி மோதுகின்றன.

இப்போது அதே நான்கு சீட்டில் அக்கா முதல் சுற்றில் மட்டும் தன் பழக்கத்தை மாற்றி, பிடித்த 5ஐ முதலில் வைத்துவிட்டு 9ஐக் கடைசியில் வைக்கட்டும். அவள் கட்டு 3, 5, 9. இரண்டாவது சுற்றில் 3ஐ இழக்கிறாள். அவளிடம் 5, 9, தம்பியிடம் 3, 7. மூன்றாவதில் 5, 3ஐப் பிடிக்கிறது. நான்காவதில் 9, 7ஐப் பிடிக்கிறது. தம்பியிடம் சீட்டு இல்லை. ஒரு முறை இரண்டு சீட்டை இடம் மாற்றிச் செருகியதால், முடிவே இல்லாத ஆட்டம் நான்கு சுற்றில் முடிந்துவிட்டது.

ஆக, திறமைக்கு இடமே இல்லை என்று சொன்ன ஆட்டத்தில் ஒரு சின்னச் சந்து இருக்கிறது. விதி வரிசையைச் சொல்லாமல் விட்டிருந்தால், எதிராளியின் சீட்டு வரிசையை நினைவில் வைத்திருக்கும் ஒருவர் தனக்குச் சாதகமாகச் செருக முடியும். நான்கு சீட்டில் இது எளிது. 52 சீட்டில், கட்டைப் பார்க்காமல், போய்வந்த சீட்டெல்லாம் எந்த இடத்தில் கிடக்கின்றன என்று மனத்தில் வைத்திருப்பது பெரியவர்களுக்கே பெரும்பாடு. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது திறமையாக வந்து சேராது. ஆனால் விதியில் ‘தன் சீட்டு முதலில்’ என்று எழுதிவிட்டால் அந்தச் சந்தும் அடைபட்டுவிடும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முடிவில்லாத சுழல் பற்றிக் கணிதர்கள் முறையாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். எவ்கேனி லக்ஷ்தானோவும் வேரா ரோஷ்சினாவும் ‘அமெரிக்கன் மேத்தமேட்டிகல் மன்த்லி’ இதழில் 2012இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஜெயித்த சீட்டுகள் குருட்டாம்போக்கில், இன்ன வரிசை என்றில்லாமல் அடியில் போனால், எந்த நிலையிலிருந்தும் ஆட்டம் முடிவதற்கு ஒரு வழி இருந்தே தீரும், சராசரி நேரமும் முடிவிலியாகாது என்று நிரூபித்தார்கள். குழந்தைகளின் ஒழுங்கற்ற கைதான் அவர்களை அந்தச் சுழலிலிருந்து காப்பாற்றி வருகிறது என்று இதற்குப் பொருள்.

வாரின் நெருங்கிய உறவான ‘பெக்கர் மை நெய்பர்’ என்ற ஆட்டத்தில் இந்தத் தப்பிக்கும் வழி இல்லை. டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலில் பிப்பும் எஸ்டெல்லாவும் ஆடுவது அதைத்தான். அங்கே நடுவில் சேர்ந்த குவியலை அப்படியே கவிழ்த்து அடியில் வைக்க வேண்டும். வரிசை நிலையானது, தேர்வு துளியும் கிடையாது. முழுக் கட்டில் முடிவே இல்லாத ஒரு ஆட்டம் உண்டா என்ற கேள்வி பல பத்தாண்டுகள் திறந்தே கிடந்தது. கணிதர் ஜான் கான்வே இதில் அக்கறை காட்டியவர்களில் ஒருவர். 2024இல்தான் அப்படி ஒரு சீட்டு அடுக்கு கண்டுபிடிக்கப்பட்டு, விடை ‘உண்டு’ என்று உறுதியாயிற்று.

வீட்டில் வார் ஆடுபவர்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது சில உண்டு. ஜெயித்த சீட்டை உடனே அடியில் செருகாமல் தனியாக ஒரு குவியலில் போட்டு வையுங்கள். கையில் இருப்பது தீர்ந்ததும் அந்தக் குவியலைக் கலைத்து மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். சுழல் வராது, ஒவ்வொரு கலைப்பிலும் புது அதிர்ஷ்டம் உள்ளே வரும். அதோடு போருக்கு மூன்று சீட்டு கவிழ்க்கும் விதியையே வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் முடிய வேண்டுமென்றால் ஏஸ் இருக்கும்போது அதை எதிர்பார்க்காதீர்கள். கையில் உள்ள 26 சீட்டை மட்டும் ஒரு முறை ஆடித் தீர்த்துவிட்டு, யாரிடம் அதிகம் சேர்ந்தது என்று எண்ணிப் பாருங்கள். அதற்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். போர் நடக்கும்போது ஒருவருக்குச் சீட்டு தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் தொடங்கும் முன்பே பேசி வைத்துவிடுங்கள். தோற்றதாகக் கொள்வதா, கடைசிச் சீட்டை மல்லாத்திப் போரை நடத்துவதா என்பதில் வீட்டுக்கு வீடு பழக்கம் மாறும், அழுகையும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தொடங்கும்.